மூன்று வருட இயந்திரமா, ஆறு வருட இயந்திரமா?

ஸ்காபரோவில் எங்கள் இரண்டு குடும்பங்களும் சேர்ந்து ஒரு சிறிய இடியப்பச் சமையற்கூடம் நடத்துகிறோம். விடியற்காலை மூன்று மணிக்கு மா குழைக்கத் தொடங்கினால் ஏழு மணிக்கு முன்னர் பெட்டிகள் தமிழ்க் கடைகளுக்குப் போய்விடும். கடந்த தை மாதம் எங்கள் இடியப்ப இயந்திரம் நின்றுபோனது. மூன்று வருடங்களுக்கு முன்னர் 16,400 டொலருக்கு வாங்கியது. மோட்டார் எரிந்து, மா தள்ளும் உருளையும் தேய்ந்து, திருத்துகிறவர் கையை விரித்துவிட்டார். புதிதாக ஒன்று வாங்கியே ஆகவேண்டும்.

எங்கள் முன்னால் இரண்டு விலைப்பட்டியல்கள் இருந்தன. ஒன்று, பழையதைப் போன்ற அதே அரைத் தானியங்கி இயந்திரம். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, ஒன்ராறியோவில் கேட்கப்படும் மின்சாரப் பாதுகாப்பு முத்திரையும் பெற்று எங்கள் கூடத்தில் நிறுத்தி முடிய 18,000 டொலர். எங்கள் பாவனைக்கு மூன்று வருடம் தாங்கும். மற்றையது முழுத் தானியங்கி. விலை சரியாக இரண்டு மடங்கு, 36,000 டொலர். ஆறு வருடம் தாங்கும் என்பதற்கு எழுத்தில் உத்தரவாதம் தந்தார்கள்.

பெரிய இயந்திரத்தால் நாங்கள் கூடுதலாக விற்கப்போவதில்லை. கடைகள் எடுக்கும் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையில்தான் இப்போதும் நிற்கிறோம். கூலியிலும் திருத்த வேலையிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான். அரிசிமா, கூலி, வாடகை, மின்சாரம், வரி எல்லாம் கழித்து சிறியது வருடத்துக்கு 9,500 டொலர் கையில் தரும் என்றும், பெரியது 10,000 டொலர் தரும் என்றும் கணக்கிட்டோம்.

பணத்தில் ஒரு பகுதி வங்கிக் கடன். மிச்சம் அத்தானின் சேமிப்பு. அவருக்கு 63 வயது. இருபது வருடம் தொழிற்சாலையில் நின்று சேர்த்த காசு அது. ஆகவே "ஏதோ ஒன்றை வாங்குவம்" என்று முடிக்கக்கூடிய விடயமாக அது இருக்கவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஒவ்வொரு இயந்திரமும் தன் ஆயுள் முழுவதும் உழைக்கப்போகும் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து விலையைக் கழித்தோம். இதைத் தேறிய தற்போதைய பெறுமதி என்பார்கள். இலங்கையில் வணிகப் பிரிவில் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அடுத்த வருடம் வரப்போகும் ஒரு டொலர் இன்று கையில் இருக்கும் ஒரு டொலருக்குச் சமமல்ல என்பதுதான் அதன் அடிப்படை. வங்கி எங்களிடம் கேட்ட வட்டி 8 சதவீதம். எனவே ஒரு வருடம் கழித்து வரும் 9,500 டொலரை 1.08 ஆல் பிரித்தால் இன்றைய பெறுமதி 8,796 டொலர். இரண்டாம் வருடத்துப் பணத்தை இரண்டு தடவை பிரிக்க 8,145. மூன்றாம் வருடத்துக்கு 7,541. மூன்றையும் கூட்டினால் 24,482 டொலர். இயந்திரத்தின் விலையான 18,000 ஐக் கழித்தால் மிச்சம் 6,482 டொலர்.

பெரிய இயந்திரத்துக்கும் இதே போல ஆறு வருடங்களுக்குச் செய்தோம். வருடத்துக்கு 10,000 வீதம் ஆறு வருடப் பணத்தின் இன்றைய பெறுமதி 46,229 டொலர். விலை போக மிச்சம் 10,229.

தம்பி உடனே சொன்னான்: "பத்தாயிரம் எங்க, ஆறாயிரம் எங்க? பெரிசையே எடுப்பம் அத்தான்."

அத்தான் ஒன்றும் பேசவில்லை. அக்காதான் கேட்டா: "ஆறு வருசத்துக்கு உழைச்சதையும் மூண்டு வருசத்துக்கு உழைச்சதையும் ஒண்டாய் வைச்சுப் பார்க்கேலுமோடா?"

அக்கா கணக்கியல் படித்தவர் அல்ல. ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. சிறிய இயந்திரம் மூன்று வருடத்தில் ஓய்ந்த பிறகு நாங்கள் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கப்போவதில்லை. இன்னொன்றை வாங்கி நான்காம், ஐந்தாம், ஆறாம் வருடமும் இடியப்பம் அவிக்கத்தான் போகிறோம். அந்த இரண்டாவது மூன்று வருட உழைப்பைத் தம்பியின் கணக்கு பூச்சியமாக எடுத்துக்கொண்டது. வாழ்நாள் சமமில்லாத இரண்டு முயற்சிகளின் மொத்தப் பெறுமதிகளை அப்படியே ஒப்பிட்டால் நீண்ட ஆயுள் உடையதற்கு எப்போதும் ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டையும் ஒரே கால எல்லைக்குக் கொண்டுவருவது. சிறிய இயந்திரத்தை இரண்டு முறை வாங்குவதாக வைத்தால் ஆறு வருடம் வரும். முதல் இயந்திரம் தருவது 6,482. இரண்டாவதும் அதே 6,482 ஐத்தான் தரும், ஆனால் அது மூன்று வருடம் தள்ளி நிற்பதால் இன்றைய பெறுமதி 5,146. இரண்டும் சேர்ந்து 11,628 டொலர். பெரியதன் 10,229 ஐ விட இது 1,399 டொலர் கூட. தம்பியின் முடிவு தலைகீழாகிவிட்டது.

மூன்றும் ஆறும் என்பதால் இது சுலபமாக முடிந்தது. ஐந்தும் ஏழுமாக இருந்தால் ஒரே எல்லைக்கு வர 35 வருடங்களுக்குக் கணக்கு எழுதவேண்டும். எங்களில் யார் 35 வருடம் இடியப்பம் அவிக்கப்போகிறோம்? அங்கேதான் இரண்டாவது வழி உதவுகிறது. அதன் பெயர் சமவலு ஆண்டுத்தொகை.

பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். புலம்பெயர்ந்து வீடு வாங்கிய எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஏற்கெனவே பழக்கமானது. மோட்கேஜ் எடுக்கும்போது வங்கி என்ன செய்கிறது? இன்று தரும் ஒரு பெரிய தொகையை, வட்டியையும் சேர்த்து, இத்தனை வருடத்துக்குச் சமமான தவணைகளாகப் பிரித்துவிடுகிறது. அதே வேலையைத்தான் இங்கும் செய்கிறோம். 6,482 டொலரை இன்று ஒருவர் எங்களிடம் தந்து, "இதை 8 சதவீத வட்டியில் போட்டு மூன்று வருடத்துக்குச் சம தொகையாக எடுத்துச் செலவழியுங்கள்" என்றால் வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்? 2,515 டொலர்.

இது சரிதானா என்று கையாலேயே பார்க்கலாம். 6,482 ஒரு வருடத்தில் வட்டியோடு 7,001 ஆகும். 2,515 ஐ எடுத்தால் மிச்சம் 4,486. அது அடுத்த வருடம் 4,845 ஆகும், எடுத்தால் 2,330. அது மூன்றாம் வருட முடிவில் 2,516 ஆகும். 2,515 ஐ எடுத்துவிட்டால் கணக்கு மூடிவிடும். மிஞ்சும் ஒரு டொலர் நாங்கள் சில்லறையைத் தவிர்த்ததால் வந்தது.

பெரிய இயந்திரத்தின் 10,229 டொலரை அதே வட்டியில் ஆறு வருடத்துக்குப் பரப்பினால் வருடத்துக்கு 2,213 டொலர். ஆக, ஒன்று வருடத்துக்கு 2,515 தரும் வியாபாரம், மற்றையது 2,213 தரும் வியாபாரம். ஒன்று முடிந்ததும் அதே போல இன்னொன்றை வாங்கித் தொடர்ந்துகொண்டே போனால் சிறியது வருடத்துக்கு 302 டொலர் கூடத் தருகிறது. ஆயுள் மூன்றா ஆறா என்பது இனித் தடையில்லை, ஏனென்றால் இரண்டையும் ஒரே அளவுகோலான "ஒரு வருடத்துக்கு" என்பதில் வைத்துவிட்டோம்.

எக்செல்லில் செய்பவர்கள் இரண்டே வரியில் முடிக்கலாம்:

```
=NPV(8%, 9500, 9500, 9500) - 18000
=PMT(8%, 3, -6482)
```

முதல் வரி 6,482 ஐயும் இரண்டாவது வரி 2,515 ஐயும் தரும். இதில் ஒரு குழி உண்டு, நாங்களும் அதில் விழுந்து எழும்பினோம். `NPV` என்ற சூத்திரம் தனக்குள் எழுதப்படும் முதல் தொகையையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று கொடுக்கும் 18,000 ஐயும் அடைப்புக்குள் முதலாவதாக எழுதினால் விடை 6,002 என்று குறைந்து வரும். ஆகவே விலையை வெளியில் நிறுத்திக் கழிக்கவேண்டும்.

அக்காவின் மகள் இந்தக் கணக்கைச் செய்து காட்டும்போது தம்பி குறுக்கிட்டான். "இவ்வளவு கஷ்டம் ஏன்? 6,482 ஐ மூண்டால பிரி, 10,229 ஐ ஆறால பிரி." பிரித்தால் 2,161, 1,705. இங்கே முடிவு அதே பக்கம்தான் சாய்கிறது, ஆனால் வித்தியாசம் 302 க்குப் பதிலாக 456 ஆகப் பெருக்கிறது. வட்டியே இல்லாத உலகத்தில் மட்டுமே அப்படிப் பிரிக்கலாம். காலம் நீளமாக இருக்கும் முயற்சிக்கு அந்தப் பிரிப்பு எப்போதும் அநியாயம் செய்யும். சில வேளைகளில் முடிவையே மாற்றியும் விடும்.

இதுவரை பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே "சிறியதை வாங்குங்கள்" என்று முடித்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி முடியவில்லை.

அத்தான் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மூண்டு வருசத்தால உவன் இதே பதினெட்டாயிரத்துக்குத் தருவானோ?"

அந்த ஒரு கேள்வியில் கணக்கின் அடித்தளம் ஆடத் தொடங்கியது. சமவலு ஆண்டுத்தொகை ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒரு இயந்திரம் முடிந்ததும் அதே விலைக்கு, அதே உழைப்புத் தரும் இன்னொன்று கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்ததா? இல்லை. இதே இயந்திரத்தை மூன்று வருடத்துக்கு முன்னர் 16,400 க்கு வாங்கினோம், இப்போது 18,000. கிட்டத்தட்ட பத்து சதவீதம் ஏறிவிட்டது.

சரி, எந்த விலை வரைக்கும் ஏறினால் இரண்டும் சமமாகும் என்று பின்னாலிருந்து கணக்குப் பார்த்தோம். இரண்டாவது சிறிய இயந்திரத்திலிருந்து எங்களுக்குத் தேவைப்படுவது, பெரியதன் 10,229 ஐ எட்டுவதற்கு மிச்சமாக உள்ள 3,747 டொலர். இது இன்றைய பெறுமதி. மூன்று வருடம் முன்னே தள்ளினால் 4,720. இயந்திரம் மூன்று வருடத்தில் உழைக்கும் பணத்தின் அந்த நாள் பெறுமதி 24,482. ஆகவே அதற்கு 19,762 டொலர் வரை கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் பெரிய இயந்திரம் வென்றுவிடும்.

இப்போது 18,000 ஐ கடந்த மூன்று வருடத்தில் ஏறிய அதே விகிதத்தில் ஏற்றிப் பாருங்கள். 19,756 டொலர். எல்லைக்கோட்டிலிருந்து வெறும் ஆறு டொலர். வருடத்துக்கு 302 டொலர் என்று நாங்கள் சந்தோசப்பட்ட வித்தியாசம் முழுவதும் விலையேற்றத்திலேயே கரைந்துபோய்விட்டது.

அக்காவின் மகள் இதற்கு ஒரு பெயர் சொன்னாள். அவளுடைய விரிவுரைகளில் இது ஒரு பக்கக் குறிப்பாக மட்டும் வந்ததாம். நாங்கள் எல்லாத் தொகைகளையும் இன்றைய விலையிலேயே எழுதியிருந்தோம்: இயந்திரம் என்றைக்கும் 18,000, உழைப்பு என்றைக்கும் 9,500. ஆனால் வங்கியின் 8 சதவீதத்துக்குள் பணவீக்கமும் சேர்ந்தே இருக்கிறது. வங்கி தன் காசின் பெறுமதி குறைந்துபோவதையும் எங்களிடமிருந்து வட்டியாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் விலையேற்றம் இல்லாத தொகைகள், மறு பக்கம் விலையேற்றம் சேர்ந்த வட்டி. இரண்டையும் கலந்தால் தூரத்தில் வரும் பணம் அளவுக்கு மிஞ்சித் தேய்ந்து தெரியும். பெரிய இயந்திரத்தின் பணம்தான் தூரத்தில் வருகிறது. எனவே அதற்கே அடி விழும்.

சரியாகச் செய்ய வேண்டுமானால், ஒன்றில் எல்லாத் தொகைகளையும் வருடா வருடம் ஏற்றிக்கொண்டு 8 சதவீதத்தில் கழிக்கவேண்டும். அல்லது எல்லாவற்றையும் இன்றைய விலையில் வைத்துக்கொண்டு, வட்டியிலிருந்து பணவீக்கத்தை எடுத்துவிடவேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம், ஏனென்றால் சமவலு ஆண்டுத்தொகைக்கு அதுதான் இயல்பாகப் பொருந்துகிறது. வருடத்துக்கு 3 சதவீத விலையேற்றம் என்று வைத்து 1.08 ஐ 1.03 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 5 சதவீதம் வருகிறது.

5 சதவீதத்தில் சிறிய இயந்திரத்தின் ஆண்டுத்தொகை 2,890 டொலர். பெரியதன் ஆண்டுத்தொகை 2,907 டொலர்.

பதினேழு டொலர். வருடத்துக்கு. பெரிய இயந்திரம் முன்னுக்கு வந்துவிட்டது, ஆனால் மா மூடை ஒன்று ஈரப்பட்டாலே இல்லாமல் போகக்கூடிய முன்னிலை அது. இப்படியான இடத்தில் "கணக்கு பெரியதைச் சொல்லுகிறது" என்று சொல்வது நேர்மையல்ல. கணக்கு சொல்வது, இரண்டும் ஒன்றுதான் என்று. எங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. தம்பியின் பத்தாயிரமும் ஆறாயிரமும் மேசையிலிருந்து இறங்கிவிட்டன. இனி வேறு விடயங்களைப் பார்க்கலாம்.

அந்த வேறு விடயம் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. கடைசியில் அத்தானே சொன்னார்: "ஆறு வருசத்துக்குப் பிறகு எனக்கு அறுபத்தொன்பது. நான் உதில நிப்பனோ?"

சமவலு ஆண்டுத்தொகையின் அடியில் இருக்கும் இன்னொரு அனுமானம் இதுதான்: தொழில் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் புலம்பெயர்ந்த குடும்பத் தொழில்கள் பலவற்றுக்கு அந்தத் தொடர்ச்சி நிச்சயமில்லை. எங்கள் பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி மா குழைக்க வரப்போவதில்லை. அவர்கள் வரவேண்டும் என்று நாங்களும் விரும்பவில்லை. அதற்காகவா இங்கே வந்தோம்? கூடத்தின் வாடகை ஒப்பந்தமும் மூன்று வருடத்தில் முடிகிறது. கட்டட உரிமையாளர் அப்போது என்ன வாடகை கேட்பார் என்று யாருக்குத் தெரியும்.

ஆகவே மூன்று வருடத்தில் நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று தனியாகக் கணக்குப் பார்த்தோம். இங்கே சமவலு ஆண்டுத்தொகை தேவையில்லை. கால எல்லை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் பழைய தேறிய தற்போதைய பெறுமதியே போதும். சிறிய இயந்திரம் தன் ஆயுளை முடித்து 6,482 டொலரைத் தந்துவிடும். பெரியதைப் பாதி வழியில் விற்கவேண்டும். மூன்று வருடம் அது உழைப்பது இன்றைய பெறுமதியில் 25,771 டொலர். கொடுத்த விலை 36,000. எனவே 10,229 டொலர் பள்ளம் இருக்கிறது. (அதே இலக்கங்கள் திரும்பி வருவது தற்செயல்தான். நாங்களும் பிழை என்று நினைத்து இரண்டு தடவை சரிபார்த்தோம்.) விற்பதில் கிடைக்கும் பணம்தான் அந்தப் பள்ளத்தை நிரப்பவேண்டும்.

பாவித்த சமையல் உபகரணங்கள் வாங்கி விற்கும் ஒருவரிடம் விசாரித்தோம். இடியப்ப இயந்திரம் எல்லோரும் தேடும் பொருளல்ல. நல்ல நிலையில் இருந்தால் 13,000 டொலர் வரை போகலாம் என்றார். 13,000 இன் இன்றைய பெறுமதி 10,320. பள்ளத்தை நிரப்பி மிஞ்சுவது 91 டொலர். மூன்று வருடம், விடியற்காலை மூன்று மணி, மிச்சம் 91 டொலர். சிறியதோடு சமமாக வேண்டுமானால் பெரிய இயந்திரத்தை 21,000 டொலருக்குச் சற்று மேல் விற்கவேண்டும். அந்த விலையைச் சொன்னதும் அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

இப்போது படம் தெளிவானது. ஆறு வருடமும் அதற்கு மேலும் தொடர்ந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. மூன்று வருடத்தில் நிறுத்தினால் பெரியது ஆறாயிரத்துக்கு மேல் நட்டம் வைக்கும். நாங்கள் சிறியதை வாங்கினோம்.

தம்பிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. அவனுடைய பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை எழுதத்தான் வேண்டும். அவனுக்கு 44 வயது. அவனும் மனைவியும் மட்டும் தனியாக இந்தத் தொழிலைச் செய்பவர்களாக இருந்து, வாடகை ஒப்பந்தமும் பத்து வருடத்துக்கு இருந்திருந்தால், பெரியதைத்தான் வாங்கச் சொல்லியிருப்போம். ஆண்டுத்தொகை சமமாக இருக்கும்போது, மூன்று வருடத்துக்கு ஒரு முறை இயந்திரம் நின்று, கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்து, கடைகளிடம் "இந்தக் கிழமை இல்லை" என்று சொல்லும் அவதி மிச்சமாகும். அந்த அவதியை நாங்கள் இலக்கமாக எழுதவில்லை. எழுதியிருக்கவேண்டும். கடந்த தை மாதம் பதினொரு நாள் இடியப்பம் போகவில்லை, ஒரு கடை வேறு ஆளிடம் எடுக்கத் தொடங்கிவிட்டது.

இதே கணக்கை வேறு இடங்களில் பாவிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு விடயம். வீட்டுக் கூரை, வெப்பமூட்டி போன்றவற்றில் வருமானம் எதுவும் இல்லை, செலவு மட்டும்தான். அங்கே விலையையும் பராமரிப்பையும் இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்து அதே முறையில் வருடங்களுக்குப் பரப்பினால் வருவது ஆண்டுச் செலவு. அதில் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அவசரத்தில் கூடிய இலக்கத்தைத் தேடிவிடுவது நடக்கிற பிழைதான். மற்றது, திரும்ப வராத ஒரு வாய்ப்புக்கு இந்த முறை பொருந்தாது. ஒரு முதியோர் இல்லம் இரண்டு வருடத்துக்கு மட்டும் சாப்பாட்டு ஒப்பந்தம் தருகிறது, இன்னொரு இடம் ஐந்து வருடத்துக்குத் தருகிறது, இரண்டும் முடிந்தால் முடிந்ததுதான் என்றால், அங்கே தம்பியின் முதற் கணக்கே சரி: மொத்தத் தேறிய பெறுமதி எது பெரிதோ அதை எடுக்கலாம். திரும்பத் திரும்பச் செய்யக்கூடியதற்கு மட்டுமே "ஒரு வருடத்துக்கு எவ்வளவு" என்ற கேள்விக்கு அர்த்தம் உண்டு.

அக்காவின் மகள் இன்னொரு பாவனையையும் காட்டித் தந்தாள், அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. புதிய இயந்திரம் மூன்று வருடம் முடிந்த பின்னும் ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? "ஓடும் வரைக்கும் ஓட்டுவம்" என்பது அத்தானின் வழக்கம். பழையதையும் அப்படித்தான் ஓட்டினோம், கடைசி மாதங்களில் திருத்தக் காசுக்கே உழைப்புப் போனது. ஆனால் அதற்கு ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. புதியதொன்றை வாங்கினால் அது விலை போக வருடத்துக்கு 2,890 டொலர் தரும், இன்றைய விலையில். பழையது அந்த வருடத்தில் திருத்தச் செலவெல்லாம் கழித்து 2,890 க்கு மேல் தரும் என்று தெரிந்தால் வைத்திருக்கலாம். அதற்குக் கீழே போகும் என்று தெரியும் வருடத்தில் மாற்றிவிடவேண்டும், அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. பழைய இயந்திரத்தை விற்றால் ஏதாவது கிடைக்குமானால், ஒரு வருடம் தாமதித்து விற்பதால் அதில் குறையும் தொகையையும் பழையதன் உழைப்பிலிருந்து கழித்துப் பார்க்கவேண்டும். எங்களுடையதை இரும்பு விலைக்கும் யாரும் கேட்கவில்லை.

புதிய இயந்திரம் மாசி மாத இறுதியில் வந்து இறங்கியது. அதன் பக்கத்துச் சுவரில் அக்கா ஒரு அட்டையை ஒட்டியிருக்கிறா. மேலே வாங்கிய திகதி, அதன் கீழே 2,890 என்ற இலக்கம், அதன் கீழே ஒவ்வொரு திருத்தச் செலவையும் எழுதுவதற்கு வெறும் கோடுகள். முதல் கோட்டில் சித்திரையில் மாற்றிய ஒரு பட்டிக்கு 45 டொலர் என்று அத்தானின் கையெழுத்தில் இருக்கிறது.